கடைக்குள் இருக்கும் செய்தி

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய பூகம்பத்தில், வாங்கானேர் என்ற ஊரில் மண்பாண்டம் செய்துவந்த மன்சுக்பாய் பிரஜாபதியின் சரக்கும் நொறுங்கியது. உடைந்து கிடந்த பாண்டங்களைப் படமெடுத்த ஒரு நாளிதழ், ஏழையின் ஃபிரிட்ஜ் உடைந்துவிட்டது என்ற பொருளில் அதற்கு அடிக்குறிப்பு எழுதியது. அதைப் படித்த பிரஜாபதிக்கு, மண்ணிலேயே ஃபிரிட்ஜ் செய்தால் என்ன என்று தோன்றியது. சில ஆண்டுச் சோதனைகளுக்குப் பிறகு வெளிவந்த 'மிட்டிகூல்', மின்சாரம் இல்லாமல் காய்கறியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் களிமண் பெட்டி. பிறகு நாடெங்கும் உள்ள பத்திரிகைகள் அதைத் தேடி வந்து எழுதின.

அந்த அடிக்குறிப்பை எழுதியவர் செய்ததைச் சிறுதொழில் நடத்தும் எவரும் கவனிக்க வேண்டும். ஒரு குயவருக்கு ஏற்பட்ட நஷ்டம் அவருடைய சொந்த விஷயம். ஏழை வீடுகளில் இனிக் குளிர்ந்த தண்ணீர் இல்லை என்பது வாசகரின் விஷயம். படம் ஒன்றுதான், யாருக்கு என்ன நேர்ந்தது என்று சொன்ன விதம்தான் அதைச் செய்தியாக்கியது. பத்திரிகைக்காரர்கள் 'கோணம்' என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலான சிறுதொழில்களிடம் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கோணத்தோடு எடுத்துச் சொல்லாததால் நிருபரின் மேசையோடு நின்றுவிடுகிறது.

விளம்பரம் எது, செய்தி எது

ஒரு நாளிதழில் விளம்பரப் பிரிவு வேறு, ஆசிரியர் பிரிவு வேறு. விளம்பரப் பிரிவு இடத்தை அளந்து விற்கும். ஆசிரியர் பிரிவு விற்பதில்லை. வாசகர் படிப்பாரா என்று மட்டும் பார்க்கும். புதிய கிளைத் திறப்பு, பத்தாம் ஆண்டு விழா, பண்டிகைத் தள்ளுபடி, புது ரகம் அறிமுகம் எல்லாம் முதல் பிரிவுக்கு உரியவை. இவற்றைச் செய்திக் குறிப்பாக எழுதி நிருபருக்கு அனுப்பினால், அவர் படித்துவிட்டு விளம்பரப் பிரிவின் தொலைபேசி எண்ணைக் கொடுப்பார். அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை.

நிருபரின் ஒரு நாளை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இன்று என்ன இருக்கிறது என்று தலைமை நிருபரிடமோ செய்தி ஆசிரியரிடமோ அவர் ஓரிரு வாக்கியங்களில் சொல்லியாக வேண்டும். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் "அப்படியா, எப்படி?" என்று கேட்டால் இடம் கிடைக்கும். "சரி, அதனால் என்ன?" என்று கேட்டால் கிடைக்காது. ஆகவே நிருபரை அணுகும் தொழில்முனைவோர் உண்மையில் எழுதித் தர வேண்டியது, நிருபர் தன் மேலதிகாரியிடம் சொல்லப்போகும் அந்த ஒரு வாக்கியத்தை. அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: வாக்கியத்திலிருந்து கடையின் பெயரை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகும் சுவாரசியம் இருந்தால் அது செய்தி. பெயரை எடுத்ததும் ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது விளம்பரம்.

பணம் பற்றிய எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "செய்தியாகவே போட்டுத் தருகிறோம், இவ்வளவு ஆகும்" என்று யாராவது கேட்டால் அது விலைக்கு வாங்கும் செய்தி. விளம்பரத்தைச் செய்தி போலக் காட்டக் கூடாது, இரண்டையும் வாசகர் பிரித்தறியும்படி அச்சிட வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறி. செய்தியாளர் சந்திப்பில் உறைக்குள் பணம் வைத்துக் கொடுக்கும் பழக்கமும் இதே வகைதான். நேர்மையான நிருபர் அதோடு விலகிப்போவார். வாங்கிக்கொள்பவர் எழுதும் நான்கு வரிகளை வாசகர் நம்பப்போவதில்லை.

டென்வரில் கிடைத்த கோணம்

கோணம் எப்படி வேலை செய்கிறது, எங்கே தோற்கிறது என்ற இரண்டையும் ஒரே நிறுவனத்தின் கதையில் பார்க்கலாம். இன்று உலகமே அறிந்த ஏர்பிஎன்பி 2008-இல் பெயர் தெரியாத சிறுதொழில்தான். வீட்டில் காலியாக இருக்கும் இடத்தைப் பயணிக்கு வாடகைக்கு விடும் இணையதளம் அது. "புதிய இணையதளம் தொடங்கியிருக்கிறோம்" என்ற வாக்கியத்துக்கு அமெரிக்காவில் எந்த மதிப்பும் இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு டென்வர் நகரில் கூடியது. பராக் ஒபாமா வேட்பாளராகத் தன்னை ஏற்கும் உரையை உள்ளரங்கில் இல்லாமல் பெரிய கால்பந்து மைதானத்தில் நிகழ்த்துவார் என்று அறிவித்தார்கள். வருகிறவர்கள் பல்லாயிரம் பேர். நகரில் ஓட்டல் அறைகள் போதாது. இவ்வளவு பேரும் எங்கே தங்குவார்கள் என்பது டென்வர் பத்திரிகைகள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்த செய்தி. அதற்கு நிறுவனர்கள் ஒரு விடையைக் கொண்டுபோனார்கள்: டென்வர்வாசிகள் தங்கள் வீட்டையே திறந்துவிடுகிறார்கள். தேசிய ஊடகங்களின் கதவைத் தட்டாமல், மிகச் சிறிய உள்ளூர் வலைப்பதிவுகளிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். சிறியவர்கள் எழுதியதைப் பார்த்து உள்ளூர்ப் பத்திரிகைகள் வந்தன. அவற்றைப் பார்த்துப் பெரிய ஊடகங்கள் வந்தன.

மாநாடு முடிந்ததும் முன்பதிவுகள் ஏறக்குறைய நின்றுபோயின. அப்போது அவர்கள் இன்னொன்று செய்தார்கள். தேர்தலில் மோதிய இரு வேட்பாளர்களின் பெயரிலும் காலை உணவுத் தானியப் பெட்டிகளை, வகைக்கு 500 வீதம், தயாரித்துப் பெட்டி 40 டாலருக்கு விற்றார்கள். செய்தியாளர்களுக்கும் சில பெட்டிகளை அனுப்பினார்கள். தொலைக்காட்சி வரை பேச்சானது; சுமார் 30,000 டாலர் கிடைத்தது. ஆனால் எழுதப்பட்டது தானியப் பெட்டியைப் பற்றி. வீடு வாடகைக்கு விடும் தளத்துக்கு அதனால் உடனடியாக ஆட்கள் பெருகவில்லை. பிற்பாடு அந்தப் பெட்டிகளைப் பார்த்து ஒரு முதலீட்டு அமைப்பு இவர்களின் விடாமுயற்சியை மெச்சியது தனிக்கதை.

இரண்டும் ஊடகத்தில் வந்தவைதான். முதல் கோணத்தில் வாசகரின் கவலையும் தொழிலின் சேவையும் ஒரே இடத்தில் சந்தித்தன. இரண்டாவதில் வேடிக்கை ஒரு பக்கமும் தொழில் மறுபக்கமும் இருந்தன. கோணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது: படித்து முடித்த வாசகர் கடையைத் தேடி வர இதில் காரணம் இருக்கிறதா?

கோணம் கிடைக்கும் மூன்று இடங்கள்

முதல் இடம் கணக்கு நோட்டு. ஒரு தொழிலின் எண்களில் ஏதாவது ஒன்று ஊர் வழக்கத்துக்கு மாறாக இருக்கும். கோவை அருகே வடிவேலம்பாளையத்தில் இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியை 2019-இல் நாடே அறிந்தது. அவர் விற்றதும் எல்லோரும் விற்கும் இட்லிதான். விலை ஒரு ரூபாய் என்பதுதான் வேறு. எண்பது வயதைத் தாண்டியவர், விறகடுப்பு, ஒரு ரூபாய் ஆகிய மூன்றும் சேர்ந்ததும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவரைப் பற்றிய காணொளி பரவிய பிறகு தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா உதவ முன்வந்தார். எரிவாயு இணைப்பும் பின்னர் வீடும் கிடைத்தன. எல்லோராலும் விலையைக் குறைக்க முடியாது, குறைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக ஒரே ஊழியர்கள், திரும்பி வந்த சரக்கு எவ்வளவு, எந்த ஊருக்கு அதிகம் போகிறது என்று கணக்கு நோட்டைப் புரட்டினால் இப்படி ஓர் எண் தட்டுப்படலாம்.

இரண்டாவது இடம் நாட்காட்டி. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை என்று, 2018 ஜூனிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. நடுவில் ஆறு மாதத்துக்கும் மேல் இருந்தது. தடை வந்தால் மாற்று என்ன என்ற கேள்வியோடு ஒவ்வொரு மாவட்டத்திலும் நிருபர்கள் பாக்குமட்டைத் தட்டு செய்பவரையும் துணிப்பை தைப்பவரையும் தேடிய காலம் அது. டிசம்பரில் அழைத்தவருக்கு வரவேற்பு இருந்தது. அதே ஆள் பிப்ரவரியில் அழைத்திருந்தால் "எழுதியாச்சே" என்ற பதில்தான் கிடைத்திருக்கும். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது கம்பும் வரகும் விற்றவர்களுக்கும் அப்படியொரு வாய்ப்பு அமைந்தது. வரப்போகும் சட்டம், அறுவடை, பண்டிகை, பள்ளித் திறப்பு, புவிசார் குறியீடு ஆகியவற்றை முன்கூட்டியே குறித்து வைத்தால் "ஏன் இப்போது?" என்ற நிருபரின் கேள்விக்கு விடை தயாராக இருக்கும்.

மூன்றாவது இடம் வாடிக்கையாளரின் வாய். கடைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்வி இருக்கும். கடைக்காரருக்கு அது அலுத்துப்போயிருக்கும். ஆனால் நூறு வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்வி, லட்சம் வாசகர்களின் மனத்திலும் இருக்கும். மூன்றில் அதிகம் பயன் தருவதும் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். அதனால் அதையே ஓர் உதாரணத்தில் விரிவாகப் பார்ப்போம்.

ஒரு செக்கு எண்ணெய்க் கடை

கொங்குப் பகுதியின் சிறிய ஊர் ஒன்றில் ஒருவர் மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதிய செய்திக் குறிப்பு இப்படி இருக்கும்: "பாரம்பரிய முறையில் தூய மரச்செக்கு எண்ணெய் தயாரித்து மக்களின் ஆரோக்கியம் காக்கும் எங்கள் நிறுவனம்..." இப்படித் தொடங்கும் குறிப்புகளை நிருபர் பலமுறை பார்த்திருப்பார். பெயரை எடுத்துவிட்டால் எந்தச் செக்குக்கும் பொருந்தும்.

அவருடைய வாடிக்கையாளர்கள் தினமும் கேட்பது வேறு: "பாக்கெட் எண்ணெய் இவ்வளவுக்குக் கிடைக்கும்போது உங்களிடம் மட்டும் ஏன் இந்த விலை?" கடைக்காரர் இதற்குக் கணக்கிலேயே பதில் சொல்லலாம். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் அதற்கே 325 ரூபாய். ஆட்டிய பிறகு ஏறக்குறைய ஒன்றரை கிலோ புண்ணாக்கு மிஞ்சும். கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 60 ரூபாய் திரும்பி வரும். மீதி 265 ரூபாய். இதன்மேல் கூலி, மின்சாரம், பாட்டில், வாடகை. இந்தக் கணக்கில் பருப்பின் விலையும் புண்ணாக்கின் விலையும் சந்தையைப் பொறுத்து மாறும்.

இப்போது நிருபர் தன் ஆசிரியரிடம் சொல்ல ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது: "ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரை கிலோ பருப்பு போகிறதாம், அப்படியானால் விலை எப்படி அமைகிறது என்று எழுதலாம்." கடையின் பெயர் இதில் இல்லை. ஆனால் எழுதும்போது கணக்குக் காட்டியவர், செக்கு ஓடும் படம், விலை நிலவரம் எல்லாம் அந்தக் கடையிலிருந்துதான் வரும்.

இந்த இடத்தில் கடைக்காரருக்கு ஒரு சபலம் வரும். "அப்படியென்றால் மலிவாக விற்பவர்கள் எல்லாம் கலப்படக்காரர்கள்" என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. அது உண்மையும் அல்ல. ஆலைகளில் உள்ள எக்ஸ்பெல்லர் இயந்திரம் அதே பருப்பிலிருந்து கூடுதல் எண்ணெயைப் பிழிந்துவிடும். புண்ணாக்கில் ஒட்டியிருப்பதையும் கரைப்பான் முறையில் எடுத்துவிடும் பெரிய ஆலைகள் உண்டு. இரண்டு வகை எண்ணெயைக் கலந்து, அதை லேபிளில் தெளிவாக எழுதி விற்பதும் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆகவே விலை குறைவு என்பது மட்டுமே கலப்படத்துக்குச் சான்று ஆகாது. இதைக் கடைக்காரரே முதலில் சொல்லிவிட்டால் நிருபருக்கு அவர்மேல் நம்பிக்கை பிறக்கும். சொல்லாமல் விட்டால், நிருபர் ஓர் ஆலை உரிமையாளரிடம் பேசும்போது இந்தப் பதில் வரும். கடைக்காரரின் பேச்சு அரைகுறையாகத் தெரியும்.

அடுத்தது "ஏன் இப்போது?" தீபாவளிப் பலகாரத்துக்கு வீடுகளில் எண்ணெய் அதிகம் வாங்கும் நேரம் பொருத்தமானது. ஆடிப் பட்டத்தில் விதைத்த கடலை அறுவடைக்கு வந்து சந்தையில் பருப்பு விலை அசையும் காலமும் ஏறக்குறைய அதுதான். நாளிதழ் என்றால் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு அணுகலாம். வார, மாத இதழ்கள் இன்னும் முன்கூட்டியே பக்கங்களை முடிவு செய்துவிடும் என்பதால் ஆறு, எட்டு வாரத்துக்கு முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும்.

யாரை அணுகுவது

பத்திரிகை அலுவலகத்தின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்புவது பெரும்பாலும் வீண். அணுக வேண்டியது ஒரு மனிதரை. அவரைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் பத்திரிகை படிக்க வேண்டும். தொழில், உணவு, நுகர்வோர், விவசாயம் பற்றிய கட்டுரைகளை யார் யார் எழுதுகிறார்கள் என்று பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ் நாளிதழ்களின் உள்ளூர்ச் செய்திகளில் பல நேரம் பெயர் இருக்காது. அப்போது மாவட்ட அலுவலகத்தை அழைத்து, அந்தத் தாலுகாவைப் பார்க்கும் நிருபர் யார் என்று கேட்டால் சொல்வார்கள். சிறிய ஊர்களில் பகுதி நேர நிருபர்கள்தான் அதிகம். ஊரில் நாலு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

ஒரே கோணம் எல்லா இதழுக்கும் பொருந்தாது. விலைக் கணக்கு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்கும் வணிகப் பக்கத்துக்கும் பொருந்தும். 'பசுமை விகடன்' போன்ற விவசாய இதழுக்கு, கடலை விளைவித்த விவசாயி செக்குக்கு நேரடியாக விற்றால் அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதே கோணம். 'நாணயம் விகடன்' போன்ற வணிக இதழ், செக்குக்குப் போட்ட முதலீடு எப்போது திரும்பியது என்று கேட்கும். பெண்கள் இதழுக்கு, கடையை நடத்துவது மனைவியாக இருந்தால் பேசவேண்டியவர் அவர்தான். கடைக்காரர் செய்யும் தொழில் ஒன்றே. வாசகர் மாறும்போது சொல்லவேண்டிய விஷயம் மாறுகிறது.

ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு அனுப்புவது பலருக்கும் சாமர்த்தியமாகத் தோன்றும். விரிவான கட்டுரைக்கு அது கெடுதல். விலைக் கணக்குக் கோணத்தை ஒருவருக்குக் கொடுத்தால், அவரிடமிருந்து முடிவு தெரியும்வரை வேறு நாளிதழுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஒரே பத்திரிகையில் இருவருக்கு அனுப்புவது அதைவிட மோசம். இருவரும் தனித்தனியாக வேலையைத் தொடங்கிவிட்டு, கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதன்பின் இருவருமே அந்தக் கடையின் அழைப்பை எடுக்கமாட்டார்கள்.

கடிதம்

கைப்பேசித் திரையில் ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடிய நீளம் போதும். மின்னஞ்சலின் பொருள் வரியிலேயே கோணம் இருக்க வேண்டும். "செய்தி வெளியிட வேண்டுதல்" என்று எழுதினால் திறக்கப்படாமலே போகும். செக்குக் கடைக்காரரின் கடிதம் இப்படி அமையலாம்:

"பொருள்: ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு எவ்வளவு பருப்பு? தீபாவளிக்கு முன் ஒரு விலைக் கணக்கு

வணக்கம். சமையல் எரிவாயு விலையால் சிறு உணவகங்கள் படும் பாட்டைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதே போல ஒரு செலவுக் கணக்கு என்னிடம் இருக்கிறது.

ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு எங்கள் மரச்செக்கில் இரண்டரை கிலோ பருப்பு போகிறது. பருப்புக்கே 325 ரூபாய். புண்ணாக்கு விற்று 60 ரூபாய் வருகிறது. ஆலை எண்ணெய் ஏன் விலை குறைகிறது என்பதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாங்குகிறவர்களுக்குத் தெளிவு கிடைக்கும்.

நேரில் வந்தால் உங்கள் முன்னாலேயே பருப்பை எடைபோட்டு ஆட்டிக் காட்டுகிறேன். கொள்முதல் ரசீதுகள் இருக்கின்றன. எங்களுக்குக் கடலை தரும் விவசாயியும் பேசத் தயார். செவ்வாய், வெள்ளி காலைகளில் செக்கு ஓடும்."

கடைசியில் பெயர், ஊர், கைப்பேசி எண். அவ்வளவுதான். இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் பத்தி, அனுப்பியவர் அந்த நிருபரின் எழுத்தை உண்மையில் படித்திருக்கிறார் என்று காட்டுகிறது. படிக்காமல் இப்படி எழுதினால் ஒரே கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டாவது கோணத்தைச் சொல்கிறது. மூன்றாவது, சான்றும் காட்சியும் பேச இன்னொரு ஆளும் இருப்பதைத் தெரிவிக்கிறது. நிருபருக்கு வேலை பாதி குறைந்துவிடுகிறது.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்து, மின்னஞ்சலின் உடலிலேயே வைக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு மற்றவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ அனுப்பினால் எழுத்தை நகலெடுப்பது சிரமம். மூன்று படங்கள் போதும்: செக்கு ஓடும்போது ஒன்று, பருப்பைத் தராசில் வைத்து ஒன்று, உரிமையாளர் வேலை செய்யும்போது ஒன்று. சால்வையோடு வரிசையாக நிற்கும் படம் வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்து அச்சுக்கு ஆகாமல் போகலாம். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் அசல் அளவிலேயே போகும். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதித் தர வேண்டும்.

பதில் வராவிட்டால் மூன்று நான்கு நாள் கழித்து ஒருமுறை அழைக்கலாம். காலை நாளிதழ் நிருபருக்கு மாலை நேரம் செய்தி அனுப்பும் நெருக்கடி. காலை பதினொரு மணிக்கு மேல், மதியத்துக்குள் அழைப்பது நல்லது. "மெயில் பார்த்தீர்களா சார்?" என்று தொடங்காமல், கோணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லி, "உங்கள் பக்கத்துக்கு ஆகுமா மேடம்?" என்று கேட்டால் ஆம், இல்லை என்ற விடை உடனே கிடைக்கும். இல்லை என்றால் நன்றி சொல்லி, வேறு யாருக்காவது பொருந்துமா என்று கேட்கலாம். பல நேரம் சரியான ஆளின் பெயர் அந்த அழைப்பில்தான் கிடைக்கும்.

நிருபர் வரும் நாள்

நிருபரும் புகைப்படக்காரரும் வருவதற்கு முன்பு, கேமரா கண்ணில் எதெல்லாம் படும் என்று கடையை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் சுவரில் தெரிகிறதா? சமையல் எண்ணெயைப் பொட்டலமிடாமல் திறந்த டின்னிலிருந்து ஊற்றி விற்பதை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அந்தக் காட்சி படத்தில் வந்தால் மறுநாள் வாசகருக்கு முன்னால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து நிற்பார். பள்ளி விடுமுறைக்கு வந்த பையன் மூட்டை தூக்குவது உரிமையாளருக்குச் சாதாரணம். படத்தில் அது குழந்தைத் தொழிலாளர் முறை. ஒளித்து வைப்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. பத்திரிகையை அழைக்கும் முன்பே சரிசெய்துவிட வேண்டியவை இவை.

பேட்டியில் மிக ஆபத்தான இடம் ஆரோக்கியம். "இந்த எண்ணெய் சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும், இதய அடைப்பு நீங்கும்" என்று உற்சாகத்தில் சொல்லிவிடுவது சுலபம். நிருபர் அதை எழுதினால் அடுத்த கேள்வி மருத்துவரிடம் போகும், அவர் மறுப்பார், எண்ணெய்க் கணக்கு என்ற கோணம் போய், பொய்ப் பிரச்சாரம் என்ற கோணம் வந்துவிடும். நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த 1954-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. சுவை, வாசம், கணக்கு ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசினால் போதும். தெரியாததைக் கேட்டால் "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, அன்று மாலைக்குள் சொல்லிவிட வேண்டும்.

எடைபோட்டுக் காட்டுவதாக எழுதியவர் எடைபோட்டுக் காட்டியே ஆக வேண்டும். முந்தின வாரமே ஒருமுறை ஆட்டிப் பார்த்து, எத்தனை கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்று குறித்து வைப்பது அவசியம். பருப்பின் ஈரமும் ரகமும் மாறினால் அளவும் மாறும். நிருபர் முன்னால் இரண்டே முக்கால் கிலோ ஆகிவிட்டால் அதன் காரணத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பேட்டியில் சொன்ன எண்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் அச்சில் பிழை குறையும்.

எழுதியதை அச்சுக்கு முன் காட்டும்படி கேட்கக் கூடாது. பெரும்பாலான பத்திரிகைகள் காட்டுவதில்லை, கேட்பது அவமதிப்பாகவும் தோன்றும். "எண்களில் சந்தேகம் இருந்தால் எந்த நேரமும் அழையுங்கள்" என்று சொன்னால் அதே பயன் கிடைக்கும். "இதை எழுதாதீர்கள்" என்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்ட பிறகு கேட்பதும் பலிக்காது. எழுதக் கூடாதது எதுவோ அதைப் பேசாமல் இருப்பதே பாதுகாப்பு.

வெளிவராமல் போனால், வெளிவந்தால்

எல்லாம் சரியாக நடந்தும் கட்டுரை வராமல் போகலாம். முதலமைச்சர் சுற்றுப்பயணம், பெருமழை, விபத்து என்று ஏதாவது வந்தால் அந்தப் பக்கம் அதற்குப் போய்விடும். தீபாவளியோடு கட்டிய கோணம் பண்டிகை முடிந்ததும் செத்துவிடும். ஒரு வாரம் கழித்து நிருபரிடம் மரியாதையாகக் கேட்டு, இனி வராது என்று தெரிந்தால், கோணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு காரணத்தோடு வேறு இதழை அணுகலாம். பொங்கல், அடுத்த அறுவடை, எண்ணெய் இறக்குமதி வரி மாறும் நாள் என்று அதே கணக்குக்குப் புதிய நாட்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

வெளிவந்த கட்டுரையில் பிழை இருந்தால், நிருபரை அழைத்து எந்த வரி தவறு, சரியானது என்ன, சான்று எது என்ற மூன்றை மட்டும் சொல்ல வேண்டும். இணையப் பதிப்பைப் பல நேரம் அன்றே திருத்துவார்கள். புகழ்ச்சி போதவில்லை என்பதும் போட்டிக் கடையின் பெயரும் வந்துவிட்டது என்பதும் பிழைகள் அல்ல. நுகர்வோர் கட்டுரையில் இரண்டு மூன்று கடைகளைக் குறிப்பிடுவது நிருபரின் கடமை.

கட்டுரை வந்த காலையில் கடையில் மூன்று தயாராக இருக்க வேண்டும்: சரக்கு, தொலைபேசியை எடுக்க ஓர் ஆள், ஒரு நோட்டு. முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் அழைப்புகள் குவியும். வெளியூரிலிருந்து கூரியரில் அனுப்பச் சொல்வார்கள். எண்ணெய் கசியாமல் அனுப்பும் பாட்டிலும் அதற்கான கட்டணமும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நோட்டில் யார் அழைத்தார், எந்த ஊர், எந்தப் பத்திரிகையில் பார்த்தார், வாங்கினாரா என்று எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் புரட்டினால், எந்த இதழின் வாசகர் வாங்குகிறார், எவர் விசாரிப்போடு நிற்கிறார் என்பது தெரியும். அழைத்தவர்கள் கேட்ட புதிய கேள்விகளும் அதில் இருக்கும். அவற்றில் அதிகம் வந்த கேள்வியைத் தனியே எடுத்தெழுதி, அதற்குப் பொருத்தமான மாதத்தையும் நிருபரின் பெயரையும் பக்கத்தில் குறித்து வைத்தால், அடுத்த கடிதத்துக்கான வேலை அங்கேயே தொடங்கிவிடும்.